மடிப்பில் போன துணி

கோட்டைமேட்டுத் தையற்கூடத்தில் துணி வெட்டுபவள் சித்திகா. தொண்ணூற்று நாலில், மகள் ஹுமேரா படித்த பள்ளிக்கே ஒரே அளவில் இருநூறு சீருடைப் பாவாடை வெட்ட வேண்டியிருந்தது. வந்தது முந்நூறு மீட்டர். முப்பத்தாறு அங்குல அகலத்தில் இரண்டு துண்டும் இடுப்புப்பட்டியும் சேர்த்து, பாவாடைக்கு ஒன்றரை மீட்டர். கணக்கு சரிதான், வெட்டுக்கழிவுக்குத்தான் ஒரு சாண்கூட இல்லை.

"ஏனுங்க, கறை, முனைத்துண்டுன்னு நூத்துக்கு அஞ்சு மீட்டராச்சும் போகுமுங்க. மொத்தத்துல பதினஞ்சு மீட்டர் கொறையுதுங்களே."

"கீழ்மடிப்பு மூணு அங்குலத்துல பாதியைக் கொறச்சுப்போடுங்க அம்மணி. உள்ள இருக்கறது ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் முதலாளி சுந்தரராஜுலு.

பிள்ளைகள் வளர வளரத் தாய்மார் பிரித்து இறக்குவது அந்த மடிப்பைத்தான். தெரிந்தே, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டித் தள்ளினாள்.

மறு ஜூனில் ஹுமேரா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். மடிப்பு முழுக்கப் பிரித்தும் பாவாடை முழங்காலுக்கு மேலேயே நின்றது.

"நீங்க வெட்டுனதுதானேம்மா? எனக்காச்சும் முழுசா வுட்டிருக்கக் கூடாதா?"

"இருநூறுல உன்னோடது எதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள் சித்திகா.