கொசு பஸ் ஏறாது

எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்க அனுமதி பெற்ற ஒரே பாத்திரம் குடம். அதற்கும் மூடி உண்டு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை வாரம் தவறாமல் நானே குனிந்து துடைப்பேன். மனைவி ஆசையாக வைத்த மணி பிளாண்ட் பாட்டிலை மாடிப்படியிலேயே கவிழ்த்தேன். "என் மாமியார் கூட இப்படி நோண்டி நோண்டிப் பார்த்ததில்ல," என்றாள் அவள். விழுப்புரத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் எனக்கு வேலை. எந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்று தினமும் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குவது ஒரு தகப்பனால் ஆகிற காரியமில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகளுக்கு டெங்கு வந்தது.

அது மழைக்காலம். அலுவலகச் சுவரில் தெர்மோகோல் அட்டைமேல் மாவட்ட வரைபடம் ஒட்டியிருந்தோம். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியானால், நோயாளியின் வீட்டு முகவரியைப் பார்த்து அந்த இடத்தில் நான் ஒரு சிவப்பு ஊசி குத்துவேன். ஊசிகள் ஓரிடத்தில் நெருங்கினால் அங்கே கொசு ஒழிப்பு ஆட்களை அனுப்ப வேண்டும். அந்த வருஷம் அவை நெருங்கவே இல்லை. பிரம்மதேசத்தில் ஒன்று, திருவக்கரையில் ஒன்று, கெடாரில் ஒன்று என்று மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"ஊருக்கு ஒண்ணா, ரேஷன்ல குடுக்கிற மாதிரி வருதேய்யா," என்றார் எங்கள் அதிகாரி. அவர் டாக்டர். கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். அவரிடம் இருந்தவை இரண்டு புகை மருந்து மெஷின்கள், அவற்றில் ஒன்று ரிப்பேர். தினமும் ஒரு பிரமுகர் போன் செய்து தன் தெருவில் புகை அடிக்கச் சொல்வார். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற கொசுப் புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் புழுவைக் கொட்டிக் கவிழ்ப்பதைப் போட்டோ எடுத்தால் நன்றாக வராது.

மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே பரிசோதனை செய்தேன். டெங்கு. அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அலுவலகம் வந்து, விழுப்புரத்தில் எங்கள் தெருமேல் ஊசியைக் குத்தினேன். ஊசி பக்கத்துத் தெருவில் இறங்கியது. பிடுங்கி மறுபடி குத்தினேன்.

மறுநாள் எங்கள் ஆட்களே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது.

"இன்னா சார், எல்லார் வூட்டுக்கும் வந்து தொட்டியத் தொறந்து பாப்பீங்க. இப்ப உங்க வூட்லயேவா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்த்தவன் நான்தான்.

ஆட்கள் மொட்டை மாடி வரை தேடினார்கள். ஒரு புழு இல்லை. தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சலும் இல்லை. எனக்கு அதில் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. என் வீட்டில் கடிக்கவில்லை என்றால் அவளை எங்கே கடித்தது?

அன்று மாலை வார்டில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது. மனைவி சிரித்தாள். நான் நர்ஸைத் தேடி ஓடினேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் மோசம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படும். வயிற்று வலி, விடாத வாந்தி வந்தால் உடனே கவனிக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் வந்தன. சலைன் ஏற்றிக்கொண்டு, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு இலைச் சாறு கொண்டுவந்தார்கள். அவற்றையெல்லாம் குடித்திருந்தால் அவள் ஆடாகியிருப்பாள்.

கொஞ்சம் தெளிந்தபோது பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "அப்பா, அந்தப் பையன் என் கிளாஸ்," என்றாள்.

பிரம்மதேசத்துப் பையன். நான் குத்திய ஊசிகளில் ஒருவன். என் மகள் தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்கு வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். அவனும் அங்கேதான்.

"உங்க கிளாஸ் மாடிலதானே? கீழ இன்னா கடை?"

"டயர் கடை. பின்னாடி பழைய டயரா அடுக்கி வெச்சிக்கினு இருப்பாங்க. சாப்பிடும்போது கொசு காலைப் பிடுங்கும்பா. சொன்னா நீங்க பேஜாரு பண்ணுவீங்கன்னு சொல்லல."

டெங்குக் கொசு பகலில் கடிப்பது. என் துறையில் இதைத் தெரியாதவன் கிடையாது. பகலில் கடிக்கிற கொசுவை, மனிதன் ராத்திரி படுக்கிற முகவரியில் தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் படிவத்தில் கேட்டது அந்த முகவரி மட்டும்தான்.

அலுவலகத்துக்கு ஓடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரங்களில் பகலில் எங்கே இருந்தீர்கள் என்பது ஒன்றே கேள்வி. பதில் வர வர, ஊர் ஊசியிலிருந்து திண்டிவனத்துக்கு நூல் இழுத்துக் கட்டினேன். பெரும்பாலான நூல்கள் ஒரே தெருவில் போய் நின்றன. வகுப்புக்கு வந்தவர்கள், எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தவர், பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டவர்.

கெடார் மட்டும் இடித்தது. அங்கே நோயாளி ஒரு வயதான அம்மாள், வீட்டைத் தாண்டாதவர். விசாரித்தால் அவருடைய மருமகள்தான் அந்த மெஸ்ஸில் சமையல். அவளுக்கு அதற்குச் சில வாரங்கள் முன்பே காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

அதிகாரி நூல்களைப் பார்த்தார். "என்னய்யா இது, சிலந்தி குடித்தனம் வந்துடுச்சா?"

"கொசு பஸ் ஏறாது சார். மனுஷன்தான் ஏறுறான். மெஸ்ஸுல சமைக்கிற பொண்ணு ரத்தத்துல கிருமியோட கெடார்ல இறங்கியிருக்கா. வீட்டுக் கொசு அவளைக் கடிச்சி, அப்புறம் மாமியாரைக் கடிச்சிருக்கு."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்த ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கு, மீதிப் பேர் கெடாருக்கு. மற்ற ஊர்களில் நர்ஸ் காய்ச்சலை மட்டும் விசாரித்தால் போதும்.

டயர் கடைக்காரர் எங்களை வரவேற்கவில்லை. "மழை பேஞ்சா தண்ணி நிக்கும். வானத்துக்கு நான் ஜவாப்தாரியா?"

அதிகாரி ஒரு டயரைச் சாய்த்து, உள்ளே இருந்த தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினார். புழுக்கள் நெளிந்தன. "இதுக்கு ஜவாப்தாரி யாருங்க?"

அந்த டயர்கள் லாரியில் பல ஊர்களிலிருந்து வந்தவை. உள்பக்கம் ஒட்டிய கொசு முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கொசு லாரியில் வந்தது, கிருமி பஸ்ஸில் வந்தது. இரண்டும் சந்தித்த இடத்துக்கு மாதாமாதம் ஃபீஸ் கட்டி என் மகளை அனுப்பியிருந்தேன்.

டயர்களைக் கொட்டிக் கவிழ்த்துக் கூரைக்கு அடியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் புகை. ஏற்கெனவே கடிபட்டவர்கள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். பிறகு அந்தத் தெருவிலிருந்து புது நூல் கட்ட வேலை வரவில்லை. படிவத்தில் 'பகலில் எங்கே' என்று ஒரு கட்டம் சேர்ந்தது.

இதில் எதுவும் என் மகளுக்கு மருந்தாகவில்லை. அவளைக் காப்பாற்றியது சலைனும், தூங்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸுகளும். முடி கொட்டி, எலும்பாகி வீட்டுக்கு வந்தாள். தெம்பு வந்ததும் அதே வகுப்புக்குப் போனாள். தடுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, காரணத்தை நானே கவிழ்த்துவிட்டேன்.

தேர்வில் ஜெயித்து வெளியூரில் ஒரு வங்கியில் சேர்ந்தாள். முதல் நாள் போன் செய்தாள்.

"கிளை மாடிலதாம்பா, நல்லா இருக்கு. மேனேஜர் தங்கமானவர்."

"கீழ இன்னா கடை?"

"டீக்கடை."

"பின்னாடி?"

"பாக்கலப்பா. ஜாயின் பண்ணி ஒரு நாள்தான் ஆவுது."

"நான் லைன்லயே இருக்கேன். போய்ப் பாத்துட்டு வா."

திட்டிக்கொண்டே படி இறங்கும் சத்தம் கேட்டது.