ஞாயிறு காலை ஏழு மணி, இரண்டு பேர்

ஃபஹ்மிதா ராஜகிரிக்காரி. பாபநாசம் கடைத்தெருவில் இருக்கும் ஒரு லேபில் பதினொரு வருஷமாக இரத்தம் எடுக்கிறாள். கணவன் குவைத்தில். நரம்பு தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று ஊரில் பேர்.

பரிசோதனைத் தொகுப்புகளுக்கான வாட்ஸ்அப் பதிவுகளை எழுதுகிற வேலை அவளிடம் தற்செயலாகத்தான் வந்தது. 'வெறும் வயிற்றில் வரவும்' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, ராஜகிரிப் பெண்கள் நோன்பு மாதிரியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நிற்பார்கள். நரம்பு சுருங்கிக் கிடக்கும். அவளே ஒருநாள் பதிவை மாற்றி எழுதினாள். இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், பத்து மணி நேரம் உணவு, காபி, டீ வேண்டாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். லேப் உரிமையாளர் வெங்கடகிருஷ்ணன் அந்த வேலையை அவளிடமே விட்டுவிட்டார்.

ஐப்பசியில் தம்பதியர் தொகுப்பு ஒன்று போட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் சலுகை, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பார்கள். ஃபஹ்மிதா எழுதிக் கொடுத்ததை வெங்கடகிருஷ்ணன் பாதியாக வெட்டினார்.

"எழுத்து இவ்வளவு இருந்தா எவன்மா படிப்பான்? அறுபத்திரண்டு பரிசோதனைன்னு பெருசா போடு, போதும்."

"எட்டு டெஸ்ட்தான் சார். உள்ளே வர்ற அளவையெல்லாம் தனித்தனியா எண்ணினாத்தான் அறுபத்திரண்டு. என்னென்னன்னு பேர் போட்டுடுவோம். அப்புறம் அந்தச் சர்க்கரை மாத்திரை வரி…"

"அதெல்லாம் போன் பண்ணும்போது சொல்லிக்கலாம்."

வெட்டுப்பட்டவற்றில் இரண்டு வரிகள் இருந்தன. 'சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அதைப் போட வேண்டாம். முன்பே எங்களிடம் சொல்லுங்கள்.' 'நாங்கள் பதில் அனுப்பி நேரம் சொன்ன பிறகே முன்பதிவு உறுதி.' பதிவில் மிஞ்சியது, இரவு எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள், இரத்தம் கொடுக்கும் வரை உணவு கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான். அவள் அடுத்த ஆளுக்கு இரத்தம் எடுக்கப் போய்விட்டாள். அன்று கூட்டம் அதிகம்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு லேபைத் திறந்து, மேசை மேலிருந்த லேப் போனை எடுத்தாள். ஞாயிறு விடுமுறை. ஒரே எண்ணிலிருந்து ஆறு செய்திகள் வந்திருந்தன.

முதலாவது சனிக்கிழமை மாலை, லேப் மூடிய பிறகு வந்தது. 'மதுரம், வயது 61. சிவசங்கரன், வயது 68. இரண்டு பேர். ஞாயிறு காலை ஏழு மணி.' கீழே முகவரி, குடமுருட்டிப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அதற்குப் போன் தானாகவே பதில் அனுப்பியிருந்தது: 'நன்றி. உங்கள் முன்பதிவு கிடைத்தது.' வெங்கடகிருஷ்ணன் எப்போதோ போட்டு வைத்த பதில்.

ஞாயிறு காலை 7.20: 'இருவரும் வெறும் வயிற்றில் இருக்கிறோம்.'

11.05: 'இன்னும் யாரும் வரவில்லை. தண்ணீர் மட்டும்.'

மாலை 4.40: 'இரத்தம் கொடுக்கும் வரை உணவு கூடாது என்று போட்டிருக்கிறது. காத்திருக்கிறோம்.'

இரவு 8.15: 'இருபத்து நான்கு மணி நேரம் ஆகிறது.'

திங்கள் காலை 5.50: 'வந்தவர்கள் ஏன் பேசாமல் நிற்கிறார்கள்?'

கடைசி வரியை ஃபஹ்மிதா மறுபடி படித்தாள். யார் வந்தது? லேபிலிருந்து யாரும் போகவில்லை. திருப்பி அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இரத்தம் எடுக்கும் பெட்டியையும் லேப் போனையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

நடவு முடிந்த வயல்களில் பனி கிடந்தது. அந்த வீடு தெருவின் கடைசி, கதவு திறந்தே இருந்தது. உள்ளே புளித்த வாடை. கூடத்தில் இரண்டு நாற்காலிகள் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தன. ஒன்றில் ஒரு பெரியவர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கையை நீட்டி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. மற்ற நாற்காலி காலி. அதன் கைப்பிடியில் மடித்த புடவை ஒன்று.

"சிவசங்கரன் சாருங்களா?"

"வாங்க." நாக்கு தடித்துக் குழறியது. "இப்பத்தானே போனீங்க. அவளுக்கு எடுத்தாச்சில்ல? எனக்குத்தான் பாக்கி."

"நான் இப்பத்தான் சார் வர்றேன். அம்மா எங்க?"

"உள்ளே படுத்திருக்கா. ஊசின்னா பயம் அவளுக்கு."

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. அதைப் பார்க்காமல் அவர் விரலைப் பிடித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தாள். நாற்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. பக்கத்தில் மாத்திரை அட்டை கிடந்தது. சர்க்கரை மாத்திரை.

"இதைப் போட்டீங்களா?"

"வேளை தவறலை. தண்ணி குடிக்கலாம்னு போட்டிருந்துதே."

சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு மேடையில் மூன்று தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. இரண்டில் நேற்றைய இட்லி, ஒன்றில் சனிக்கிழமை இரவு இட்லி. சர்க்கரை டப்பாவைத் தேடி, மூன்று ஸ்பூன் கரைத்து எடுத்து வந்தாள். டம்ளரைப் பிடிக்க அவர் விரல் நிற்கவில்லை. அவளே வாயருகே பிடித்தாள். மெல்ல மெல்ல விழுங்கினார்.

108-ஐ அழைக்க லேப் போனை எடுத்தபோது புதிதாக ஒரு செய்தி இருந்தது. அதே எண். 6.52-க்கு, அவள் பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது வந்தது.

'அவருக்குப் பேச்சு குழறுகிறது. சீக்கிரம் வாங்க.'

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அறைக்கதவைத் தள்ளினாள். கட்டில் விரிப்பு கசங்காமல் இருந்தது. அதன் நடுவே ஒரு போன், சார்ஜில். சுவரில் மாலை போட்ட படம். மதுரம், தோற்றம், மறைவு. மறைவு போன தை மாதம்.

அவள் கதவைச் சாத்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு வந்து, அவர் பக்கத்திலேயே நின்றாள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தபோது எழுபத்தெட்டு. அவர் கண் தெளிந்து, காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

அந்த மாத்திரையால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்று அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை ஃபஹ்மிதா போய்ப் பார்த்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர் அவர். எழுதியிருப்பதை மீறிப் பழக்கமில்லை.

"ரெண்டு பேருன்னு போட்டிருந்தீங்க. ஒருத்தர்னு எழுத கை வரலைம்மா. அவ போன்லேர்ந்தே அனுப்பினேன்."

அவள் கடைசிச் செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார்.

"இது நான் அனுப்பலையே. அப்ப எந்திரிக்கவே முடியலை. முந்தின செய்தியை அனுப்பிட்டு, போனை உள்ளே சார்ஜில போட்டிருந்தேன். அதோட, பேச்சு குழறுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வார்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை ஏழு செய்திகளையும் வெங்கடகிருஷ்ணன் முன்னால் வைத்தாள். படித்து முடித்து, போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "நீ எழுதினதையே போடும்மா" என்றார்.

எட்டுப் பரிசோதனைகளும் பெயரோடு வந்தன: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரத்த அணுக்கள், சிறுநீர். மாத்திரை வரி தடித்த எழுத்தில். கீழே முன்பதிவு வழி: பெயர், வயது, முகவரி, போடும் மாத்திரைகளை அனுப்புங்கள், எங்கள் ஆள் பேசி நேரம் சொன்னால் மட்டுமே பட்டினி இருங்கள், சொன்ன நேரத்திலிருந்து அரை மணிக்குள் வராவிட்டால் சாப்பிட்டுவிடுங்கள், வேறு நாள் தருகிறோம். தானாகப் போகும் பதிலை அவளே அணைத்தாள். சனிக்கிழமைகளில் லேப் போனை வீட்டுக்கு எடுத்துப்போகிறாள்.

மதுரத்தின் எண்ணை மட்டும் அவள் அழிக்கவில்லை. அந்தக் கடைசிச் செய்தியைப் பற்றி யாராவது கேட்டால், பெரியவர்தான் மயக்கத்தில் அனுப்பியிருப்பார் என்று சொல்வாள். சொல்லும்போது அந்தக் கசங்காத விரிப்பு அவள் கண்ணில் நிற்கும்.