அமுதவல்லியின் இடப்பக்க விளக்கு

பரமத்தி வேலூர் டாக்சி ஸ்டாண்டில் ஒரே ஒரு பெண் டிரைவர்தான் உண்டு. அவள் அமுதவல்லி. கார் ஓட்ட வருவதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேலாக மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவள். வாழைக்கும் வெற்றிலைக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் புகைந்துபோனால் அங்கேதான் வரும். பிறகு பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் இடம் கேட்டாள். இடம் கொடுக்காமல் இழுத்தடித்தோம். நாங்கள் என்றால் நானும்தான். தினமும் வந்து புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு எங்கள் முகத்தையே பார்ப்பாள். கடைசியில் அலுத்துப்போய் மூன்றாவது இடத்தைக் கொடுத்தோம்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று தவறிய வண்டி அன்றைக்கே வரிசையை விட்டு விலக வேண்டும். காத்திருக்கிறவன் அந்த இடத்தில் ஏறிக்கொள்வான். ஸ்டாண்டுச் செயலாளர் காளிதாசின் மச்சான் தர்ஷன் ஆறு மாதமாகக் காத்திருந்தான். அமுதவல்லியின் எஃப்.சி. முடியும் நாளும் வந்தது. அன்று காலையிலேயே தர்ஷன் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது எனக்கே எரிச்சலாக இருந்தது.

எஃப்.சி.க்கு முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். துருவைத் தேய்த்து, பள்ளத்தில் பட்டி மாவை அப்பி நிரவி, வழுவழுப்பாக்கிப் பெயிண்ட் ஏற்றினால், பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குப் பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருக்கும். அமுதவல்லியும் அப்படியே செய்திருந்தாள். வண்டி பளபளவென்று இருந்தது. வேடிக்கை பார்க்க நானும் அவளோடு நாமக்கல் கிளம்பினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் ஹாரன், வைப்பர், பிரேக் எல்லாம் பார்த்தார். பிறகு லைட்டைப் போடச் சொன்னார். பின்னால் வலப்பக்கம் சிவப்பாக எரிந்தது. இடப்பக்கம் இருட்டாகவே இருந்தது.

"டெய்ல் லைட் எரியலையே. சரி பண்ணிட்டு வாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி வந்தா பாக்கறேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

வாசலுக்கு எதிரே குணசீலன் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான். எஃப்.சி. நாளில் அவனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஆனாலும் ஓடி வந்தான்.

"பிரேக் லைட்டு, இண்டிகேட்டரு எரியுதுங்களா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் எரியுதுங்க. இந்தச் சிவப்பு மட்டுந்தானுங்க" என்றாள் அமுதவல்லி.

"பல்புதாம் போயிருக்கும் அம்மிணி" என்று நான் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். குணசீலன் பல்பைக் கழற்றி வலப்பக்கத்து ஹோல்டரில் போட்டான். அங்கே ஜம்மென்று எரிந்தது.

அடுத்து ஹோல்டரைப் பார்த்தான். உள்ளே தகடு பச்சை பூத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துப் புது ஹோல்டர் மாட்டினான். அப்போதும் எரியவில்லை. டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை டிக்கிக் கீலின் போல்ட்டில் கடிக்கவிட்டு, முனையால் ஹோல்டருக்கு வரும் ஒயரைத் தொட்டான். டெஸ்ட் லாம்ப் எரிந்தது.

"கரண்ட் வருதுங்க. எர்த்தையும் பாத்திர்றேன்" என்றான். அந்த விளக்கிலிருந்து கரண்ட் திரும்பிப் போக எப்போதோ யாரோ தனியாக ஒரு கறுப்பு எர்த் ஒயர் இழுத்து, டிக்கிக்குள் வண்டியின் பாடியில் ஸ்குரூ போட்டிருந்தார்கள். குணசீலன் ஸ்குரூவைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. "எர்த்து கிண்ணுன்னு இருக்குதுங்க. அப்ப வர்ற ஒயருதாம் உள்ள நைஞ்சு ஒத்தை இழையில நிக்கோணும். டெஸ்ட் லாம்ப்புக்குப் போதும், பல்போட பாரத்தத் தாங்கறதில்லை. முன்னாடி வரைக்கும் பிரிச்சு இழுக்கோணும். நாளைக்கு வாங்க, பாத்துக்கலாம்."

அவனை அடுத்த வண்டிக்காரர் கூப்பிட்டார். போய்விட்டான்.

நாளைக்கு என்றால் தர்ஷனுக்குத்தான் பொழுது விடியும். அமுதவல்லி டிக்கியைத் திறந்து வைத்தபடி நின்றாள். அந்தக் கறுப்பு ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகட்டும், வரிசைக் கடைசியில் நின்று மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்ல நினைத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

"ஏனுங்ணா, அந்த லாம்ப்பு எரியறப்ப கரண்ட் எந்த வழியாத் திரும்பிப் போச்சுங்க?" என்று கேட்டாள்.

"கீல் போல்ட்டு வழியா" என்றேன்.

"பல்புக்கு வழி அந்தப் போல்ட்டு இல்லீங்களே. இந்தக் கறுப்பு ஒயருதானுங்களே."

எனக்குப் புரிவதற்குள் அவள் குணசீலன் கடையிலிருந்து முழ நீள ஒயர் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டில் பிடித்தாள். மறுமுனையைக் கீல் போல்ட்டில் வைத்தாள். இடப்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரியுது" என்றேன், ஏதோ நானே எரியவைத்த மாதிரி.

அவள் நிறுத்தவில்லை. மறுமுனையைக் கறுப்பு ஒயர் மாட்டியிருந்த ஸ்குரூவின் தலையில் வைத்தாள். அணைந்தது. மீண்டும் போல்ட்டில் வைத்தாள், எரிந்தது. ஸ்குரூவில் வைத்தாள், அணைந்தது.

"வர்ற ஒயரு நல்லாருக்குதுங். ஸ்குரூதாங் பாடியத் தொடலீங்" என்றாள்.

ஸ்குரூவைக் கழற்றினாள். மரையெல்லாம் சாம்பல் நிறப் பட்டி மாவு அப்பியிருந்தது. பட்டறைக்காரன் துரு தின்ற ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, அந்தப் பட்டியிலேயே ஸ்குரூவை இறுக்கியிருக்கிறான். பிடிப்பு கிண்ணென்றுதான் இருந்தது. ஆனால் பட்டியில் கரண்ட் எங்கே ஓடும்? பளபளப்புக்குச் செய்த வேலைதான் விளக்கை அணைத்திருக்கிறது.

குணசீலன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "டைட்டா இருக்குதேன்னு உட்டுட்டனுங்க்கா" என்றபடி டிரில்லை எடுத்து வந்தான். பட்டி இல்லாத இடமாக அவள் ஒன்றைக் காட்டினாள். பிறகு உப்புத்தாளை வாங்கி, புதுப் பெயிண்டைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். முந்தாநாள் அடித்த பெயிண்ட். எனக்கே மனசு கேட்கவில்லை.

"கொஞ்சமாத் தேய் அம்மிணி" என்றேன்.

"தகரம் தெரியோணுமுங்ணா" என்றாள். வெள்ளிக் காசு மாதிரி தகரம் மின்னும் வரை தேய்த்தாள். ஓட்டை போட்டு, ஒயரின் வளையத்தை அந்தத் தகரத்தில் வைத்து ஸ்குரூவை முடுக்கினார்கள். துருப் பிடிக்காமலிருக்கக் குணசீலன் மேலே கிரீஸ் தடவினான். அமுதவல்லி போய் சுவிட்சைப் போட்டாள். இரண்டு பக்கமும் எரிந்தது. பிரேக்கை மிதித்தாள், இண்டிகேட்டர் போட்டாள், டிக்கியை ஓங்கிச் சாத்தினாள். சிவப்பு விளக்கு ஒரு கணம்கூட அணையவில்லை. நான் டீ சொல்லப் போனேன். டீ வருவதற்குள் அவள் வண்டியை மைதானத்துக்குள் திருப்பிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பின்னால் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இத்தனை பாடு.

சாயங்காலம் ஸ்டாண்டுக்குள் நுழைந்தோம். மூன்றாவது இடத்தில் தர்ஷனின் வண்டி மாலையோடு நின்றது. பக்கத்தில் காளிதாஸ் கைகட்டி நின்றிருந்தார்.

"எஃப்.சி. என்னாச்சு அம்மிணி? லைட்டு எரியலைன்னு சொன்னாங்க" என்றார்.

அமுதவல்லி முழுதாக இருட்டும் முன்பே லைட்டைப் போட்டாள். வண்டியைத் திருப்பி, பின்பக்கம் அவருக்கு நேராக வருமாறு ரிவர்ஸ் எடுத்து, அவர் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். காளிதாசின் வெள்ளை வேட்டி இரண்டு பக்கமும் சிவப்பானது.

அவர் குனிந்து இடப்பக்கத்தைப் பார்த்தார். வலப்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இடப்பக்கத்தையே பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து, "தர்ஷா, வண்டிய எட்றா" என்றார்.