பன்னிரண்டு தவணைக்கு விடுப்பு

மருத்துவர் கொடுத்த கடிதத்தில் பன்னிரண்டு தவணை என்று இருந்தது. என் கணவரின் குடலிலிருந்த கட்டியை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலூருக்குப் போக வேண்டும். முதல் நாள் ரத்தப் பரிசோதனையும் மருந்தும். பிறகு இடுப்பில் கட்டிய சிறிய பம்பு வழியாக இரண்டு நாள் மருந்து இறங்கும். அதைக் கழற்றிய பிறகுதான் மலைமேலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பலாம். ரத்த அணுக்கள் குறைந்தால் தேதி தள்ளிப்போகும் என்றார் மருத்துவர். காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வந்துவிடச் சொன்னார். அதை இரண்டு முறை சொன்னார்.

மலையில் எங்கள் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியரும் நானும்தான். நான் இல்லாத நாளில் ஐந்து வகுப்பும் அவர் தலையில் விழும். கடிதத்தைப் படித்தவர் முகம் கொடுத்துப் பேசாமல் ஜன்னலைப் பார்த்தே சொன்னார்: தற்செயல் விடுப்பைத் தானே தரலாம், ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள்தான், நாலு தவணையில் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஈட்டிய விடுப்பு. அதை வட்டாரக் கல்வி அலுவலர்தான் தர வேண்டும்.

அலுவலகத்தில் கிளார்க் என் கணக்கைப் பார்த்தார். அறுவை சிகிச்சைக்கு எடுத்தது போக இருபத்தெட்டு நாள் மிச்சம். மொத்தமாக எழுதிக் கேட்க முடியாது, ஒவ்வொரு முறைக்கும் தனி விண்ணப்பம், தனி உத்தரவு, பணியில் சேர்ந்ததும் தனிக் கடிதம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கே ஒடம்பு சரியில்லன்னு ஒரு மருத்துவச் சான்று வாங்கிக் குடுத்துடுங்க டீச்சர். ரெண்டு மாசம் சேந்தாப்ல போய்ட்டு வரலாம். புருஷனுக்குன்னு போட்டா மருத்துவ விடுப்பு கெடையாது."

வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கணவர் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் கையை நிறுத்திவிட்டார்.

"எனக்கு வந்த நோவ நீ எதுக்கு உம்பேர்ல எழுதிக்கிற? வேணாம்."

அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அறுவைக்குப் போனபோதுகூட அந்த முகம் இல்லை. நான் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். மருத்துவர் கடிதத்தை இணைத்து, தேதிகள் மாறக்கூடும் என்றும் குறிப்பிட்டேன். அலுவலர் அம்மா பொறுமையாகப் படித்தார்.

"விடுப்ப உரிமையாக் கேக்க முடியாது, தெரியுமில்ல? இப்ப தர்றேன். தேர்வு நேரத்துல இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியலம்மா."

ஐந்தாம் தவணையிலிருந்து எதுவும் சொன்ன தேதியில் நடக்கவில்லை. விடுப்பு வாங்கிக்கொண்டு வேலூர் போவோம். அணு குறைவு என்று திருப்பி அனுப்புவார்கள். விடுப்பை ரத்து செய்யக் கேட்டு ஒரு கடிதம், அடுத்த வாரத்துக்கு இன்னொரு விண்ணப்பம். கணவருக்கு விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. தலைமையாசிரியர் என்னிடம் தேதி கேட்பதையே நிறுத்திவிட்டார். அது கோபமா, இரக்கமா என்று புரியாமல் அவர் எதிரில் நிற்கவே கூசியது.

ஒன்பதாம் தவணை முடிந்த அடுத்த வாரம், பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். என் கணவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, ஆள் நடுங்குகிறார் என்றார். மத்தியானப் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தலைமையாசிரியர் யாருக்கோ போன் செய்து ஜீப் வரவழைத்தார். விண்ணப்பம் என்று நான் ஆரம்பித்ததும், "போங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். மலை இறங்கும் வளைவுகளில் கணவர் என் தோளில் சாய்ந்து, யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் யாருமில்லை.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தார். நான் பள்ளிக்குத் திரும்பியபோது முன் அனுமதியின்றி வராததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் காத்திருந்தது. ஆஸ்பத்திரிச் சான்றை இணைத்து எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வேலூருக்கு வீணாகப் போய்வந்த நாட்களும் அந்த ஆறு நாளும் சேர்ந்து என் கணக்கில் இருந்தது தீர்ந்தது. கடைசி மூன்று தவணையும் ஊதியமில்லா விடுப்பில்தான் நடந்தன.

பன்னிரண்டு முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் இரண்டு இடத்தில் புதிதாகத் தெரிகிறது, மருந்தை மாற்றித் தொடர வேண்டும் என்றார் மருத்துவர். அலுவலகத்துக்குக் கடிதம் வேண்டும், எத்தனை தவணை என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் திறந்த பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"எண்ணிக்கை போட முடியாதும்மா. மருந்து உடம்புக்குக் கேக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்."

கணவர் அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.