செவ்வாய்க்கிழமை காலியாகாத கட்டில்கள்

பிள்ளைகளே, போன கோடையில் ஒரு நாள் நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன், ஏன் என்று கேட்டீர்கள். அன்று சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

நான் வார்டு உதவியாளனாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. நோயாளி சேரும் நேரமும் டிஸ்சார்ஜ் ஆகும் நேரமும் கம்ப்யூட்டரில் ஏறும். ரெக்கார்டு அறையில் இருக்கும் பெண் பழைய மாதங்களின் நேரங்களை வைத்து, எந்த வேளையில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் போவார்கள், கட்டிலுக்கு எப்போது தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டியே சொல்வாள். பல நாள் சரியாகவே சொன்னாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெயிலில் உப்பு வாரும்போது மயங்கி விழுந்த ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கூட்டி வந்தாள். வார்டில் கட்டில் இல்லை. பாண்டியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று டாக்டர் யோசித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள நாலு கட்டில் காலியாவுது சார்," என்றாள் ரெக்கார்டு பெண்.

அவரை நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

சாயங்காலம் ஆயிற்று. டிஸ்சார்ஜ் ஆன நாலு பேரும் கட்டிலிலேயே இருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவரிடம் கேட்டேன்.

"செவ்வாக்கெழம நோயாளிய எவன்பா வூட்டுக்கு இட்டுக்கினு போவான்? விடிஞ்சதும் போறோம்," என்றார்.

"கம்ப்யூட்டர்ல நீங்க போயிட்டீங்க பெரியவரே."

"அப்ப அதையே இந்தக் கட்டில்ல வந்து படுக்கச் சொல்லு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

டாக்டர் ரவுண்ட்ஸில் கையெழுத்துப் போடும் நேரம்தான் டிஸ்சார்ஜ் நேரமாக ஏறியிருந்தது. ஆள் எழுந்து போகும் நேரம் எங்குமே ஏறவில்லை. கணக்கில் செவ்வாயும் மற்றக் கிழமைபோலத்தான் இருந்தது. அந்தப் பெண் மாதா கோவில் தெருக்காரி. செவ்வாயில் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்ற இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் எந்த நேரத்தை எடுக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. கட்டில் மிச்சமிருந்த நாட்களில் இது யார் கண்ணிலும் படவில்லை.

"ஏண்ணே, கட்டிலு வருமா?" என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வரும்மா," என்றேன். வேறென்ன சொல்ல?

அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை என்பதை நர்ஸ் தாமதமாகத்தான் கவனித்தார். சிறுநீரகம் கெடுகிறது என்று பிறகு ஆம்புலன்ஸில் பாண்டிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேருமுன் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ரெக்கார்டு பெண் அழுதாள். இப்போது கட்டில் காலியாகும் நேரத்தைத் தனியாக ஏற்றுகிறோம். செவ்வாய்தோறும் கட்டில் போதாது என்று காலையிலேயே சொல்லிவிடுகிறாள், அதுவும் தப்புவதில்லை. டாக்டரும் காத்திருக்காமல் அனுப்பிவிடுகிறார். கட்டில் மட்டும் ஒன்றுகூடக் கூடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலை அந்தப் பெரியவர் கிளம்பிப் போனார். வார்டில் என்னைத் தவிர வேலையாள் யாரும் இல்லை. மெத்தையைத் துடைத்தேன். புது விரிப்பை எடுத்துச் சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகி, தலைமாட்டில் தலையணையை வைத்தேன்.