நான்காம் வகுப்பில் பாக்கி இல்லை

காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து, கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் கணக்கெழுதிப் பிழைத்தவர் அகுஸ்தேன். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நல்ல மனிதரும் வாயை மூடிக்கொண்டே பாவம் செய்யலாம். அதற்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் தேவையில்லை.

மாதக் கடைசியில் ரசீது அடிக்கட்டைகளை வகுப்புவாரியாகக் கூட்டி அவர் ஒரு தாள் எழுதுவார்: எத்தனை பிள்ளைகள், வரவேண்டிய பள்ளிச் சம்பளம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. மொத்த வரவு பெட்டியிலிருக்கும் காசோடு ஒத்துப்போனால் தலைமைக் கன்னியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த மாதமும் ஒத்துப்போனது. ஐந்தாம் வகுப்பில் மட்டும் ஒரு பிள்ளை பாக்கி. நான்காம் வகுப்பில் பாக்கியே இல்லை.

அங்கேதான் அவர் பேனா நின்றது. நான்காம் வகுப்பில் படிப்பவள் அவர் மகள் ஜோசெட். அவளுக்கு அவர் இன்னும் ஒரு காசு கட்டவில்லையே! கட்டைகளைப் புரட்டினார். மாதத் தொடக்கத்தில் நான்கிலிருந்து ஐந்துக்கு ஏற்றிய எலென் என்ற பிள்ளையின் பணத்தைப் பழக்கதோஷத்தில் பழைய வகுப்பிலேயே வரவு வைத்திருந்தார். அந்தப் பணம் ஜோசெட்டின் பாக்கியை மூடிவிட்டது. கட்டிய பிள்ளை கடன்காரி ஆகிவிட்டாள்.

திருத்த ஒரு நிமிடம் போதும். திருத்தினால் கணக்கர் மகளே கட்டாதவள் என்று தாளில் ஏறும். அடுத்த மாதம் கையில் காசு வந்ததும் கட்டிவிட்டு ஓசைப்படாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று, தாளை அப்படியே கொடுத்துவிட்டார். மனசாட்சியிடம் தவணை கேட்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

மறுநாளே, ஐந்தாம் வகுப்புக் கட்டைகளில் பெயர் இல்லை என்று எலெனை வகுப்பிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் அவள் தாய் மாதலேன் வந்தாள். தையல் வேலை செய்து பிள்ளையை வளர்க்கும் விதவை. ரசீதைத் தொலைத்திருந்தாள். சண்டை போடுவாள் என்று அகுஸ்தேன் பயந்திருந்தார், போட்டிருந்தால் தேவலை. அவளோ தோட்டை அடகு வைத்து வாங்கிய பணத்தை மேசையில் வைத்தாள்.

"கட்டிட்டேன்னுதான் நெனச்சேன், அண்ணே. நீங்க எழுதுறது தப்பாவா இருக்கும்? ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். எம்புத்திதான் பிசகிப்போச்சு."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தலைமைக் கன்னியரிடம் போனார். எலென் பணத்தை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றி, நான்காம் வகுப்புப் பாக்கியில் மகள் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. கைப்பிழை யாருக்கும் வரும் என்று சொல்லி, அவருக்கு ஒரு மாதம் தவணையும் கொடுத்தார். கைப்பிழை! தெரிந்தே விட்டது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து பணத்தை மாதலேன் பக்கம் நகர்த்தினார். நீங்கள் முன்பே கட்டிவிட்டீர்கள், பிழை என்னுடையது என்றார். அவள் கைகூப்பினாள். அந்தக் கும்பிடுதான் அவர் வாயைத் திறந்தது.

"கும்பிடாதம்மா. தாள் குடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவள் திட்டவில்லை. கூப்பிய கையை இறக்கினாள்.

"அப்போ எம்புத்தி நல்லாத்தான் இருந்துச்சா, அண்ணே?"