மாடிப்படிக்கு ஒரு கையெழுத்து

எனக்குக் கோபம் சட்டென்று வரும். போடியில் வீடு கட்டிக்கொடுக்கிற பெண் பொறியாளருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேட்டால், "நீங்க பொறுமையா இருந்தா இன்னும் நாலு வேல வரும் மேடம்" என்பார் எங்கள் கொத்தனார். அவர் சுவரைப் பூசிக்கொண்டே சொல்வதால் முகம் தெரியாது. சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கோபத்தைக் காகிதமாக மாற்றிக்கொண்டது பக்கத்து ஊர் சிலமலையில் கட்டிய வீட்டுக்குப் பிறகு. அங்கே வீட்டுக்காரர் சமையல் மேடையை அரையடி இறக்கிப் போடச் சொன்னார். இறக்கினேன். பால் காய்ச்சிய அன்று அவர் மனைவி மேடை முன்னால் போய் நின்றார். ஆள் என்னைவிட உயரம். குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "யாரு இப்படிப் போடச் சொன்னது?" என்றார். நான் கணவரைப் பார்த்தேன். கணவர் என்னைப் பார்த்து, "அதானே, ஏம்மா இப்படிப் போட்டீங்க?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மேடையை உடைத்து மறுபடி கட்டினேன்.

அந்த வாரமே அச்சகத்துக்குப் போய் ஒரு படிவம் அடித்தேன். என்ன மாற்றம், எந்த இடத்தில், எத்தனை நாள் கூடும், எவ்வளவு கூடும், கடைசியில் உரிமையாளர் கையெழுத்தும் தேதியும். மாற்றம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கையெழுத்து வந்த பிறகுதான் கரண்டியைத் தொட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். ஃபார்மைப் பாரம் என்று சொல்கிற ஊரில் எனக்குப் 'பாரம் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏலக்காய் வியாபாரி ஒருவர் வீடு கட்ட வந்தது இதற்கெல்லாம் பிறகு. அறுபது வயதுக்காரர், மலையில் மெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம், கீழே ஊருக்குள் கடை. சொன்ன சொல் மாறாத மனிதர் என்று ஊரே சொல்லும். அவரும் சொல்லிக்கொள்வார். தரைத்தளம் கட்டி, மேலே இளைய மகன் குடும்பத்துக்கு இன்னொரு தளம் என்று திட்டம். மாடிப்படி வீட்டுக்குள்ளேயே, கூடத்தின் ஓரத்தில் ஏறும்படி வரைந்திருந்தேன்.

தரைத்தளத்தின் கூரைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த அன்று வந்தார். அடுத்த வாரம் கான்கிரீட். அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆத்தா, அந்தப் படிய வெளிய போட்ருவமா?" என்றார், டீக்குச் சர்க்கரை குறைக்கச் சொல்கிற மாதிரி.

உள்ளே படி என்றால் தளத்தில் ஏறிப்போக ஒரு திறப்பு விட வேண்டும். வெளியே என்றால் அந்தத் திறப்பை மூடி அங்கேயும் கம்பி கட்ட வேண்டும், பக்கவாட்டுச் சந்தில் படிக்குத் தனியாக அடித்தளம் தோண்ட வேண்டும், வரைபடத்தைத் திருத்தி நகராட்சியில் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். படியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். ஆனால் திறப்பு உண்டா இல்லையா என்பது கான்கிரீட்டுக்கு முன்னால் முடிவாக வேண்டும். ஒருமுறை மூடிவிட்டால் பிறகு தளத்தை உடைத்தால்தான் வழி. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அன்று என் பொறுமை நன்றாகத்தான் இருந்தது.

"எல்லாம் பேசியாச்சு ஆத்தா. நீ ஆரம்பி."

"சரிங்கய்யா. பாரம் எழுதிக் கொண்டாறேன். ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் முகம் சுருங்கியது. "எங்கிட்டயா கையெழுத்துக் கேக்குற? இந்தக் கையி வாயில சொன்னதுக்கே எத்தன மூட்ட வாங்கியிருக்கு தெரியுமா?"

"கம்ப்யூட்டர் ஏலத்துல பட்டன அமுக்குனாத்தான சரக்கு உங்க பேருக்கு வருது? மனசுல நெனச்சா தருவாகளா?"

கொத்தனாரின் தோள் குலுங்கியது. வியாபாரியும் சிரித்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை, கண்ணாடி வீட்டில் இருக்கிறதாம்.

மறுநாள் படிவத்தோடு ஏலக்காய் ஏல மையத்துக்குப் போனேன். உள்ளே ஏலம் நடந்துகொண்டிருந்தது, இடைவேளையில் வெளியே வந்தார். இந்தமுறை கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "செவ்வாக்கெழமையில புதுசா ஒண்ணுல கையெழுத்துப் போட மாட்டேன் ஆத்தா. நீ ஆரம்பி" என்றார். உள்ளே அவர் செவ்வாய்க்கிழமையிலேயே ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் கடைக்குப் போனேன். ஆள் தோட்டத்துக்குக் கிளம்பி ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். "வெரசாப் போகணும், மேல கூலியாளுக காத்திருப்பாக. நீ வேலய ஆரம்பி" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். சொன்ன சொல் மாறாத மனிதர்தான், மூன்று நாளும் "ஆரம்பி" என்றே சொன்னார்.

கொத்தனார் நெருக்கினார். கலவை மெஷினுக்குச் சொல்லியாயிற்று, கம்பி கட்டுகிற ஆட்கள் திறப்பைச் சுற்றி வேலையை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பெரிய மனுசன் சொல்லிட்டாரு மேடம். மூடிருவமா?" என்றார். உண்மையைச் சொன்னால், நான் கொஞ்சம் இளகியிருந்தேன்.

அன்று மத்தியானம் வியாபாரியின் மனைவி சைட்டுக்கு வந்தார். பிளாஸ்க்கில் காபி, எல்லோருக்கும் பணியாரம். அதிகம் பேசாதவர், ஆனால் அன்று அவருக்குப் பேச ஏதோ இருந்தது. பலகைக்கு நடுவில் திறப்பு தெரிகிற இடத்தில் போய் நின்று, மேலே கை காட்டினார்.

"இங்கிட்டுத்தான படி ஏறுது? இதுக்குக் கீழ ஒரு கட்டிலு போட்டுக்கிருவேன். பேரன் பள்ளிக்கொடத்துலருந்து வந்தா என்னையத் தாண்டித்தான மேல போகணும்? ஒரு வாயி திண்டுட்டுப் போடான்னு சொல்லலாம்ல."

கையில் இருந்த பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். என் பையில் அந்தத் திறப்பை மூடுகிற படிவம் இருந்தது. எல்லாம் பேசியாச்சு என்றவர் யாரிடம் பேசினார் என்று அப்போது புரிந்தது. மேலே குடிவரப்போகிற மகனுக்கும் மருமகளுக்கும் தனி வாசல் வேண்டியிருந்திருக்கும், அவர்களிடம் சரி என்றிருக்கிறார். மனைவியிடம் உள்ளே படி என்று முன்பே சரி என்றிருக்கிறார். வாயால் சொல்கிறவரை இரண்டு சரியும் செல்லும். என் படிவத்தில் ஒன்றுதான் செல்லும். அதனால்தான் கண்ணாடி, செவ்வாய்க்கிழமை, ஜீப்பு.

ஆபீசுக்கு வந்து அந்த வீட்டின் ஃபைலை எடுத்தேன், வியாபாரியிடம் காட்டிச் சண்டை போடுவதற்காக. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பட்டா அந்த அம்மாவின் பெயரில் இருந்தது. நகராட்சி அனுமதியும் அவர் பெயரில். உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் எல்லாப் பக்கத்திலும் நிதானமான, கொஞ்சம் சாய்ந்த எழுத்து. நானே வாங்கிய கையெழுத்துகள். ஆனால் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் நான் துரத்தியதோ பேசுகிற ஆளை. ஊர்க்காரர்களைத் திட்டுகிற எனக்கு அன்று திட்ட ஒரு ஆள் ஆபீசுக்குள்ளேயே கிடைத்தாள்.

வியாபாரிக்கு போன் செய்தேன். தோட்டத்திலிருந்து இறங்கியிருந்தார்.

"அய்யா, கையெழுத்து நீங்க போட வேணாம். அம்மாதான் போடணும். சைட்டு அவங்க பேருல இருக்கு."

குரலைத் தாழ்த்தி, "அவகிட்டக் காட்டாத ஆத்தா. நீ மூடிரு. பெறகு கேட்டா, இஞ்சினியரம்மா அப்படித்தேன் வரும்னு சொல்லிட்டாகன்னு நான் சமாளிச்சுக்கிருவேன்" என்றார்.

சிலமலை மேடை ஞாபகம் வந்தது. கோபம் வந்தது, வந்தே விட்டது. "என் பேரச் சொல்லி உங்க வீட்டுக்குள்ள ஓட்டைய அடைக்க நான் ஆளு இல்லைங்கய்யா" என்று சொல்லி போனை வைத்தேன்.

மறுநாள் காலை அவர்கள் இருந்த பழைய வீட்டுக்குப் போனேன். வியாபாரி கடைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி. அம்மாவிடம் படிவத்தைக் கொடுத்து, எங்கே கையெழுத்து என்று சொல்லாமல், "படிச்சுப் பாருங்கம்மா" என்றேன்.

எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். 'கூடத்தின் மேல் உள்ள திறப்பை மூடுதல்' என்ற வரியில் விரல் நின்றது.

"மூடிட்டா பெறகு தொறக்க முடியாதா?"

"ஒடைச்சாத்தான்மா."

"இதச் சொன்னது யாரு?"

நான் நாற்காலிப் பக்கம் பார்த்தேன். அந்த அம்மா கணவரைப் பார்க்காமலே கேட்டார். "மருமக கேட்டாளா?"

"சின்னஞ்சிறுசுக... தனியா ஒரு வாசல் வேணும்ன்றாக" என்றார் வியாபாரி, தரையைப் பார்த்து. "நீ வருத்தப்படுவேன்னுதேன்..."

"வருத்தந்தேன். படி வெளிய போறதுக்கு இல்ல. எங்கிட்டச் சொல்லாமயே வெளிய கொண்டுபோகப் பாத்தீகள்ல, அதுக்கு."

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு கையெழுத்துக்காக ஒரு பெண்ணின் மனதைக் கிளறிவிட்டோமே என்று சங்கடப்பட்டேன். சொல்லாமல் மூடியிருந்தால் அதைவிடப் பெரிய பாவம் என்றும் தெரிந்திருந்தது.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தோடு இணைத்திருந்த படத்தைத் திருப்பினார். தெருக் கேட்டை ஒட்டித் தொடங்கி, பக்கவாட்டுச் சந்தில் பின்பக்கமாக ஏறுகிற மாதிரி நான் வரைந்திருந்த படி.

"இது எங்கிட்டு ஏறுது?"

"கேட்டுப் பக்கத்துலருந்தும்மா."

"அப்ப யாரு வந்தா, யாரு போனான்னு எனக்கு எப்படித் தெரியும்? மாத்து ஆத்தா. பின்னாடியிருந்து ஏறட்டும். அடுப்படி சன்னலத் தாண்டித்தேன் மொதப் படி."

கணவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மருமக என்ன சொல்லுவாளோ..."

"மருமககிட்ட நான் பேசிக்கிறேன். கையெழுத்துப் போடுறவ நானு."

பேனாவால் படத்தைத் திருத்தினேன். படியின் திசை மாறியது, மேல்தள வாசல் முன்பக்கமாக நகர்ந்தது, சமையலறை ஜன்னலிலிருந்து மூன்றடியில் முதல் படி. மேல்தளம் இன்னும் கட்டாததால் வேறெதற்கும் சேதம் இல்லை. படிவத்திலும் ஒரு வரி சேர்த்து அவரிடமே வாசித்துக் காட்டினேன். திருத்திய இடத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று அதே சாய்ந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியை என்னிடம் கேட்டு எழுதினார்.

"எத்தனையோ தாள்ல போட்டுருக்கேன்" என்றார். "எங்க போடணும்னுதேன் சொல்லுவாக. என்னன்னு படிக்கச் சொன்னது இதுதேன் மொதத் தடவ."

அந்தத் தாள்களில் பாதி நான் நீட்டியவை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உரிமையாளருக்கான நகலைக் கிழித்தேன். பழக்கத்தில் அவருடைய கணவர் கையை நீட்டினார். பழக்கத்தில் நானும் அந்தப் பக்கம் கொண்டுபோனேன்.

"இங்கிட்டுக் குடு" என்றார் அந்த அம்மா.